நாம் தனியாக இருக்கிறோம்

"யாருடி இந்த அவர்?"

போனில் 'ஹலோ' சொல்லும் வழக்கம் பெரியப்பாவுக்கு என்றைக்குமே இருந்ததில்லை. எடுத்த எடுப்பிலேயே சண்டையின் நடுவில் இருந்துதான் ஆரம்பிப்பார். அவள் அப்போது தன் மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் ஓர் இருமல் மருந்தின் துண்டுச்சீட்டைத் தமிழாக்கிக்கொண்டிருந்தாள். குலுக்கியபின் குடிக்க வேண்டுமா, குடித்தபின் குலுங்க வேண்டுமா என்று தெரியாதபடி ஹிந்தியில் எழுதி வைத்திருந்தார்கள். ஏற்கெனவே எரிச்சலில் இருந்தாள்.

"எந்த அவர்?"

"இங்க போட்டிருக்கே. 'அவர் தம் பணிவால் நம் உள்ளத்தைக் கவர்ந்துள்ளார்.' யாரு அது? பணிவான ஆளு நம்ம வீட்ல யாரும் கிடையாதே. நானும் இல்ல, நீ சுத்தமா இல்ல."

"என்ன படிச்சிட்டிருக்க நீ?"

"கடிதாசு. உனக்கு மாமியாரா வரப்போற அம்மா அனுப்பியிருக்கு, பதிவுத் தபால்ல. டிப்போவுல எனக்கு மெமோ குடுத்தப்பகூட கையில குடுத்தாங்க. இதைக் கையெழுத்து வாங்கிட்டுக் குடுத்துட்டுப் போறான். கேளு, முழுசா படிக்கிறேன்."

பெரியப்பா பேருந்து டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதைப் படித்தாலும் வண்டி புறப்படும் நேரத்தை அறிவிப்பது போலத்தான் படிப்பார்.

"'வணக்கத்திற்குரிய சகோதரர் அவர்களுக்கு. தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம். நம் மகன் அறியாமல் பேசிய சொல்லுக்கு நாம் வருந்துகிறோம். தங்கள் மகளைக் குறித்துக் கவலை வேண்டாம். அவர் தம் பணிவால் நம் உள்ளத்தைக் கவர்ந்துள்ளார். அவர் நம் மகள். நாம் தனியாக இருக்கிறோம். தாங்கள் வந்தால் நம் மானம் நிற்கும். தயவுசெய்து வியாழக்கிழமை காலை பதிவு அலுவலகத்திற்கு வரவும்.' அவ்வளவுதான். கீழ கையெழுத்து."

அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

"'நம் மகன்'னு போட்டிருக்கு. எனக்கு எப்படி மகன் வந்தான்? நான் கல்யாணமே பண்ணிக்கல. அடுத்து, 'நாம் தனியாக இருக்கிறோம்'. சரி, நான் தனியா இருக்கேன். அந்தம்மாவும் புருஷன் இல்லாம தனியா இருக்கு. அதுக்கு என்ன இப்போ? என்ன யோசனையில எழுதியிருக்கு?"

"ஐயோ பெரியப்பா, அது அப்படி இல்ல..."

"அதைக்கூட விடு. 'நம் மானம் நிற்கும்'னா? என் மானம் எங்கடி போச்சு, நான் வந்து நிக்க வெக்கிறதுக்கு? மகன் என்னை 'நீ வா'ன்னான். அம்மா 'வரவும்'ங்கிறாங்க. நான் வரல. நீயே போய்க் கையெழுத்துப் போட்டுக்கோ."

பெரியப்பா போனை வைத்துவிட்டார்.

இதில் பாதிக்குக் காரணம் மெக்கானிக். அவள் கட்டிக்கொள்ளப்போகிறவன். குளிர்பதனப் பெட்டி பழுது பார்க்கிறவன், ஹிந்திக்காரன். அவனுக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் அவள் போனில் பெரியப்பாவிடம் பேசுவதைக் கேட்டுக் கேட்டுப் பொறுக்கியது. அவள் பெரியப்பாவை 'நீ' என்றுதான் கூப்பிடுவாள். நாலு வயதில் அப்பா அம்மா இல்லாமல் போன பிறகு, சட்டை போட்டுவிட்டதும் சோறு ஊட்டியதும் தலைவாரத் தெரியாமல் முடியைப் பிய்த்ததும் பெரியப்பாதான். அந்த மனிதரை 'நீங்க' என்று கூப்பிட அவளுக்கு நாக்கு வராது. மெக்கானிக்குக்கு இது எப்படித் தெரியும்? இவ்வளவு பிரியமாக இருக்கிறவள் சொல்கிற சொல்தான் பெரியவர்களுக்கு உரிய சொல் என்று நினைத்துவிட்டான். அவன் வீட்டில் நடந்த முதல் சந்திப்பில் வாசலுக்கே ஓடிவந்து, இரண்டு கையையும் கூப்பி, முகமெல்லாம் பல்லாக, "பெரியப்பா, நீ வா. நீ உக்காரு. நீ சாப்டியா?" என்றான்.

பெரியப்பா செருப்பைக் கழற்றாமலே திரும்பி நடந்துவிட்டார்.

அது நடந்து இரண்டு மாதம். திருமணப் பதிவுத் தேதியை ஒரு முறை தள்ளிவைத்தாயிற்று. இந்த முறை வியாழக்கிழமை. அவர் வராமல் கையெழுத்துப் போடுவதில்லை என்று அவள் மெக்கானிக்கிடம் சொல்லியிருந்தாள். அதை அவன் அவனுடைய அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். அந்த அம்மா யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் கடிதம் எழுதியிருக்கிறார். அதை மொழிபெயர்க்க இந்த ஊரில் வேறு இடமே இல்லாதது போல, அவள் விடுப்பில் இருந்த நாளாகப் பார்த்து அவளுடைய அலுவலகத்துக்கே வந்திருக்கிறார். 'தாங்கள்', 'வரவும்' என்ற நடையைக் கேட்டபோதே அது தெரிந்துவிட்டது.

அவள் எழுந்து காற்புள்ளியின் மேசைக்குப் போனாள்.

காற்புள்ளி மூத்த மொழிபெயர்ப்பாளர். பிறர் எழுதிய எந்த வாக்கியத்தைக் கண்டாலும் ஒரு காற்புள்ளியாவது போட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும் என்பதால் வந்த பெயர். அவருடைய தலைக்கு மேல் சுவரில் ஹிந்திச் சொற்களுக்கான ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. ஆப் என்றால் தாங்கள். தும் என்றால் நீங்கள். தூ என்றால் நீ. வஹ் என்றால் அவர். ஹம் என்றால் நாம். ஏவல் வினை எல்லாவற்றுக்கும் 'வும்'. மேலாளர் கையெழுத்தும் முத்திரையும் கீழே.

"சார், போன வாரம் ஒரு அம்மா வந்து கடிதம் குடுத்தாங்களா?"

"ஆமா, தங்கமான மனுஷி. மரியாதை ஒரு சொட்டும் குறையக் கூடாதுன்னு மூணு தடவை சொல்லிட்டுப் போனாங்க. ஒரு சொட்டு குறையல."

"அது எங்க பெரியப்பாவுக்கு எழுதினது."

"அடடே! சொல்லியிருந்தா இன்னும் ரெண்டு 'அவர்கள்' சேர்த்திருப்பேனேம்மா."

அவள் மூலக் கடிதத்தைக் கேட்டு வாங்கினாள். வரி போட்ட தாளில், உருட்டி உருட்டி எழுதிய ஹிந்தி. முதல் வரியை அவள் வாய்விட்டே படித்தாள். 'பூஜ்ய பாயீ சாஹப்.' கூடப் பிறக்காத அண்ணனை வாய் நிறையக் கூப்பிடுகிற சொல். அதைக் காற்புள்ளி வணக்கத்திற்குரிய சகோதரர் ஆக்கியிருந்தார்.

"வணக்கத்திற்குரியன்னு மேயருக்குப் போடுவாங்க சார். ஒரு பொம்பள சம்பந்தி வீட்டுப் பெரியவரை எப்படிக் கூப்பிடுவாங்க? அண்ணான்னு. அதுக்கு மேல என்ன மரியாதை வேணும்?"

"பூஜ்யன்னா பூஜிக்கத் தக்கவர். நான் அதுலயும் குறைச்சுத்தான் போட்டேன்."

"ஆப்ங்கிறதுக்கு எல்லாம் தாங்கள். ஏன்?"

காற்புள்ளி பென்சிலால் சுவரைக் காட்டினார். "அங்க மூணு இருக்கு, இங்க மூணு இருக்கு. கணக்கு சரியா வருதுல்ல?"

"எண்ணிக்கை சரியா வந்தா ஆயிடுச்சா? அங்க அப்பாவும் ஆப், அதிகாரியும் ஆப். வீட்டுக்குள்ளயும் போகும், ஆபீசுக்குள்ளயும் போகும். தாங்கள் வீட்டுக்குள்ள வருமா சார்? மேடையில வரும், மனுவுல வரும். சஸ்பெண்ட் பண்றதுக்கு முன்னாடி விளக்கம் கேப்பாங்களே, அதுல வரும். உங்க வீட்ல உங்களை 'தாங்கள் சாப்பிட வரவும்'னு கூப்பிட்டா என்ன நினைப்பீங்க?"

காற்புள்ளி நேர்மையாக யோசித்தார். "சண்டைன்னு நினைப்பேன்."

"அப்புறம்?"

"அது பேச்சும்மா. இது எழுத்து."

"சரி, 'வஹ்'. என்னைத்தான் சொல்றாங்க. வளர்த்த ஆளுகிட்ட வளர்ந்த பொண்ணைப் பத்திப் பேசும்போது அவர்னா, வேற யாரோ ஒரு பொம்பளைன்னுதானே தோணும்?"

"பெண்களை அவள்னு எழுதக் கூடாதுன்னு போன வருஷம்தான் சுற்றறிக்கை வந்துச்சு."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த வரிக்கு வந்தாள். 'ஹம் அகேலே ஹைன்.' அந்த அம்மாவின் ஊர்ப் பக்கம் 'நான்' என்பதையே 'ஹம்' என்றுதான் சொல்வார்கள். பன்மைச் சொல்தான், ஆள் ஒன்றுதான். அதில் பெருமை ஒன்றும் இல்லை. தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்பதற்கும் அவர்களுக்கு ஹம்தான். 'நான் ஒண்டிக்கட்டை' என்று எழுதியிருக்கிறார். அடுத்த வரி 'ஆப் ஆயேங்கே தோ ஹமாரா மான் ரஹ் ஜாயேகா.' நீங்கள் வந்தால் எனக்கு மரியாதை. அங்கே மான் என்றால் மதிப்பு. இங்கே மானம் என்றால் போனால் உயிரை விடுவது.

"நாம்னு போட்டா கேக்கிற ஆளும் உள்ள வந்துடுவாரே சார். ஒரு விதவை, ஒரு பிரம்மச்சாரி, நாம் தனியாக இருக்கிறோம். இதைப் படிச்சிட்டு எங்க பெரியப்பா என்ன நினைப்பார்?"

காற்புள்ளி கடிதத்தை வாங்கிப் படித்தார். மறுபடி படித்தார். அவர் முகம் மெல்லச் சிவந்தது.

"நாங்கள்னு போட்டிருக்கலாம்," என்றார்.

"நாங்கள் தனியா இருக்கோம்னா எத்தனை பேர் சார்?"

காற்புள்ளி தாளை மேசையில் வைத்தார். பென்சிலை எடுத்து அந்த வரியின் நடுவில் ஒரு காற்புள்ளி போட்டார்.

அவள் நடைபாதைக்கு வந்து மெக்கானிக்கின் அம்மாவுக்குப் போன் செய்தாள். இருவரும் ஹிந்தியில்தான் பேசுவார்கள். நடந்ததைச் சொன்னதும் அந்த அம்மா பதறிப்போனார்.

"ஐயோ, மரியாதை பத்தலையா? நான் முதல்லயே நினைச்சேன். பாதங்களுக்கு வணக்கம்னு ஒரு வரி சேர்த்து இன்னொரு கடிதம் அனுப்பட்டுமா?"

"வேண்டாம்மா. பத்தாம இல்ல, கூடிப்போச்சு."

"மரியாதை எப்படி மகளே கூடும்?"

"எங்க பாஷையில கூடும். கூடினா ஆள் தூரமாயிடும்."

அந்த அம்மா அதைத் தனக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு சந்தேகமாக, "அப்போ என் மகன் சொன்ன மாதிரியே சொல்லணுமா?"

"அதுவும் கூடாது!"

"அது குறைச்சல், இது அதிகம். நடுவுல என்னதான் இருக்கு உங்ககிட்ட?"

நியாயமான கேள்விதான். 'நீங்க' என்று ஒரு சின்னச் சொல் இருக்கிறது, உலகமே அதில்தான் ஓடுகிறது, இவர்கள் இரண்டு பேரும் அதை மட்டும் தாண்டித் தாண்டிக் குதித்திருக்கிறார்கள் என்று அவளுக்குச் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

"ஒண்ணு கேக்கணும்மா. என்னைப் பத்தி 'ஹமாரி பேட்டி'ன்னு எழுதியிருக்கீங்க. உங்க மகளா, இல்ல உங்களுக்கும் பெரியப்பாவுக்கும் பொதுவான மகளா?"

"ஹமாரின்னா ஹமாரி. அதுல என்ன வித்தியாசம்?"

"இருக்கும்மா. 'என் மகள்'னு போட்டா நீங்க என்னை எடுத்துக்கிட்டீங்கன்னு ஆகும். 'எங்க மகள்'னு போட்டா அவரை வெளிய தள்ளினதா ஆகும். 'நம்ம மகள்'னு போட்டா ரெண்டு பேருக்கும் பங்கு."

அந்த அம்மா பெருமூச்சு விட்டார். "இவ்வளவையும் யோசிச்சுத்தான் நீங்க எல்லாம் தினமும் வாயைத் திறக்கிறீங்களா? பாவம். பங்கே போடு. வளர்த்தவர் அவர். நான் தனியா எப்படி எடுத்துப்பேன்?"

சாயங்காலம் அவள் பெரியப்பாவின் வீட்டுக்குப் போனாள். மூன்றாவது மாடி. கதவு திறந்தே கிடந்தது. அவர் மேசையில் அந்தக் கடிதத்தை விரித்து, பறக்காமல் இருக்க அதன்மேல் கடிகாரத்தை வைத்திருந்தார். அவள் எதிரே உட்கார்ந்து மூலத்தை எடுத்து, வாயாலேயே சொல்ல ஆரம்பித்தாள்.

"அண்ணா, வணக்கம். நீங்க நல்லா இருப்பீங்கன்னு நம்புறேன். பையன் தெரியாமப் பேசிட்டான், என்னை மன்னிச்சுடுங்க. பொண்ணைப் பத்திக் கவலைப்படாதீங்க. அவளோட அடக்கம் எனக்குப் பிடிச்சுப்போச்சு..."

"யாரோட அடக்கம்?"

"அவங்க அப்படி நினைச்சுக்கிட்டு இருக்காங்க, விடு. அடுத்து கேளு. அவ நம்ம பொண்ணு. நான் ஒத்தையா இருக்கிறவ. நீங்க வந்தா எனக்குப் பெருமை. வியாழக்கிழமை அவசியம் வாங்க. இதுதான் எழுதியிருக்கு. அவங்க ஊர்ல 'நான்'ங்கிறதுக்கும் ஹம்தான், அதைத்தான் நாம்னு போட்டுட்டாங்க. மெமோவும் இல்ல, ராணி ஆணையும் இல்ல."

பெரியப்பா அசையவில்லை. "இதை நீ சொல்ற. அங்க அப்படி இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? அந்தப் பய என்னை நீன்னான். அதை எப்படி மொழிபெயர்ப்ப?"

"அவன் என்னைப் பார்த்துக் கத்துக்கிட்டான்."

"நீ சொல்றது வேற."

"அதான் வேறன்னு அவனுக்குத் தெரியல! அவங்க பாஷையில பெரியவங்களை அவன் அப்படிக் கூப்பிட்டதே இல்ல. நான் சொல்றது மரியாதைன்னு நினைச்சுட்டான்."

"நினைச்சுட்டானா? நீ மரியாதையாவா சொல்ற?"

அவளுக்குப் பொறுமை போய்விட்டது. காலையில் இருந்து எல்லோருக்கும் எல்லாவற்றையும் விளக்கி விளக்கி வாய் வறண்டிருந்தது. எழுந்து நின்றாள்.

"சரி. என்னாலதானே இவ்வளவும்? இனிமே சரியா பேசறேன்." கையைக் கட்டிக்கொண்டாள். "தாங்கள் மாத்திரை உட்கொண்டீர்களா?"

"என்னடி?"

"தாங்கள் இன்று மதியம் உணவருந்தினீர்களா எனக் கேட்கிறேன்."

"வாலு, விளையாடாத."

"தங்கள் சித்தம். தேநீர் தயாரிக்கிறேன். தாங்கள் அமரவும்."

அடுப்படிக்குப் போனாள். பாத்திரம் வைக்கிற சத்தத்தில் அவள் கோபம் எவ்வளவு என்று அவருக்குத் தெரிந்திருக்கும். தேநீரைக் கொண்டுவந்து நீட்டி, "தாங்கள் பெற்றுக்கொள்ளவும்," என்றாள். குடித்து முடித்ததும், "கோப்பையைத் தாங்கள் ஒப்படைக்கவும்." சட்டையில் சிந்தியிருந்ததைப் பார்த்து, "தங்கள் சட்டை நனைந்துள்ளது. மாற்றிக்கொள்ளவும்." சிரிக்கவில்லை. சிரிப்பு வரவும் இல்லை. அவர் முதலில் உதட்டை மடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் கைப்பையை எடுத்து, "தாங்கள் ஓய்வெடுக்கவும். நான் விடைபெறுகிறேன்," என்றபோது அவர் குரல் வேறு மாதிரி வந்தது.

"நிறுத்துடி."

நின்றாள்.

"செத்துப்போன ஆளுகிட்டப் பேசற மாதிரி இருக்கு."

"மரியாதைதான். ஒரு சொட்டு குறையல."

"உக்காரு."

உட்கார்ந்தாள். அவர் கடிகாரத்தை நகர்த்திவிட்டு, காற்புள்ளியின் கடிதத்தை நான்காக மடித்து ஆடுகிற மேசைக்காலுக்கு அடியில் செருகினார். மேசை ஆட்டம் நின்றது.

"அந்தம்மா என்னை என்னன்னு கூப்பிட்டிருக்கு, அவங்க பாஷையில?"

"பாயீ சாஹப். அண்ணன்னு அர்த்தம்."

"ம்." கொஞ்சம் யோசித்தார். "அந்தப் பயலை நீங்கன்னு சொல்லப் பழக்கு. நீ மாத்திக்க வேண்டாம்."

"நான் நீன்னு சொல்லிக்கிட்டே இருந்தா அவன் எப்படிப் பழகுவான்?"

"அது உங்க பாடு. பதில் போடணும். நான் சொல்றதை அவங்க பாஷையில எழுதி அனுப்பு. நான் வரேன்னு எழுது."

அவள் போனில் தட்டினாள். 'மைன் ஆ ரஹா ஹூன்.' படித்துக் காட்டினாள்.

"இதுல மைன்னா?"

"நான்."

"அந்தம்மா தன்னை என்னமோ ஹம்னு சொல்லிக்குதுன்னியே."

"அது அவங்க ஊர்ப் பழக்கம் பெரியப்பா. நீ அதைச் சொன்னா நல்லா இருக்காது."

"ஏன் நல்லா இருக்காது? அவங்க பாதி தூரம் வந்து அண்ணான்னு கூப்பிட்டிருக்காங்க. நான் அவங்க மாதிரி ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ஹம் போடு."

"அவங்க ஊர்க்காரங்க இல்லாதவங்க சொன்னா பன்மையா மாறிடும்."

"மாறட்டும். மரியாதைதானே?"

வாதாட அவளுக்குத் தெம்பு இல்லை. 'ஹம் ஆ ரஹே ஹைன்' என்று அடித்து அனுப்பினாள். பெரியப்பா திருப்தியாகச் சட்டை மாற்ற எழுந்தார். ஒரு கையை நுழைப்பதற்குள் போன் அடித்தது. மெக்கானிக்கின் அம்மா. குரலில் சந்தோஷமும் பதற்றமும் கலந்து கிடந்தன. அவள் கேட்டுவிட்டு, போனைக் கையால் மூடிக்கொண்டு, நெற்றியை மேசையில் முட்டினாள்.

"என்னவாம்?" என்றார் பெரியப்பா.

"எத்தனை பேர் வர்றீங்கன்னு கேக்கறாங்க. பதிவு அலுவலகத்துல எல்லாருக்கும் இடம் பத்தாதாம். வண்டி ரெண்டு ஏற்பாடு பண்ணட்டுமான்னு கேக்கறாங்க."

"ஒருத்தன்தான்னு சொல்லு."

அவள் போனைக் காதுக்குக் கொண்டுபோனாள்.

"இரு, இரு." சட்டையின் ஒரு கை தொங்க அவர் விரலை உயர்த்தினார். "ஒருத்தன்னு சொல்லாத. ஒருத்தர்னு சொல்லு."

"ஹிந்தியில ரெண்டுக்கும் 'ஏக்'தான் பெரியப்பா. வித்தியாசம் கிடையாது."

"கிடையாதா?" பெரியப்பா மற்றக் கையை நுழைத்துக்கொண்டே சொன்னார். "என்னடி பாஷை அது, மரியாதையே இல்லாம."